காற்று டேங்க் ஏன் நெடுக்காகக் கிழிகிறது?

பஞ்சர் கடை வாசலில், மோட்டாரையும் கம்ப்ரசரையும் முதுகில் சுமந்தபடி ஓர் இரும்பு உருளை படுத்திருக்கும். லாரி டயர் வரை காற்று பிடிக்கும் கடை என்றால் அதன் கேஜ் முள் 10 கிலோவுக்கும் 12 கிலோவுக்கும் இடையில் ஏறி இறங்கிக்கொண்டிருக்கும். அந்த டேங்க் எப்போதாவது உடைந்தால் எப்படி உடையும் என்பதை ஓரளவு முன்கூட்டியே சொல்லிவிடலாம். பெரும்பாலும் ஒரு முனையிலிருந்து மறுமுனை நோக்கி, நெடுக்காகத்தான் கிழியும். நடுவில் குறுக்கே முறிந்து இரண்டு துண்டாவது அபூர்வம். அந்த டேங்குக்கு எத்தனை மில்லிமீட்டர் தகடு வேண்டும் என்று பொறியாளர் தீர்மானிப்பதும் இதே காரணத்தை வைத்துத்தான்.

நம் ஊர்க் கடைகளில் சாதாரணமாகக் காணக்கூடிய அளவில் ஒரு டேங்கை எடுத்துக்கொள்வோம். உள்விட்டம் 45 சென்டிமீட்டர், உருளைப் பகுதியின் நீளம் 120 சென்டிமீட்டர். இரண்டு முனைகளிலும் உப்பலான மூடிகள் உண்டு. பட்டறைக்காரர்கள் அவற்றை டிஷ் எண்ட் என்பார்கள். எல்லாம் சேர்ந்து ஏறத்தாழ 220 லிட்டர் கொள்ளும். காற்றின் அழுத்தம் 12 கிலோ. அதாவது உள்சுவரின் ஒவ்வொரு சதுர சென்டிமீட்டரையும் காற்று 12 கிலோ எடைக்குச் சமமான விசையோடு வெளிப்பக்கம் தள்ளுகிறது. தகட்டின் தடிமன் இப்போதைக்கு 6 மில்லிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். அது எப்படி வந்தது என்பதைப் பிறகு பார்க்கலாம்.

ஒரு மூங்கிலை இரண்டு விதமாகத் துண்டாக்கலாம். நெடுக்காகப் பிளந்தால் நீளமான இரண்டு பாதிகள் கிடைக்கும். குறுக்கே அறுத்தால் இரண்டு குட்டைக் குழாய்கள் கிடைக்கும். நம் டேங்கையும் மனக்கண்ணில் இந்த இரண்டு விதமாகவும் வெட்டிப் பார்ப்போம். ஒவ்வொரு வெட்டிலும் கேட்க வேண்டிய கேள்விகள் இரண்டு: இந்தப் பாதிகளைப் பிரித்துத் தள்ளப் பார்க்கும் விசை எவ்வளவு? அதை இழுத்துப் பிடிக்க அங்கே எவ்வளவு இரும்பு இருக்கிறது?

முதலில் நெடுக்கு வெட்டு. மேல் பாதியைக் காற்று எல்லாத் திசையிலும் தள்ளுகிறது. இடப்பக்கம் தள்ளுவதும் வலப்பக்கம் தள்ளுவதும் ஒன்றையொன்று சரிக்கட்டிவிடும். மிஞ்சுவது நேர் மேலே தூக்கும் விசை மட்டுமே. அதைக் கணக்கிட வளைந்த பரப்பு தேவையில்லை. வெட்டிய வாயின் பரப்பு போதும். 45 சென்டிமீட்டர் அகலம், 120 சென்டிமீட்டர் நீளம் என்றால் 5,400 சதுர சென்டிமீட்டர். அதை 12 ஆல் பெருக்கினால் 64,800 கிலோ. கிட்டத்தட்ட 65 டன் விசை இந்த உருளையின் மேல் பாதியைக் கீழ்ப் பாதியிலிருந்து பிய்க்கப் பார்க்கிறது. அதைப் பிடித்து நிறுத்துவது வெட்டின் இரு ஓரங்களிலும் உள்ள தகட்டுப் பட்டைகள் இரண்டுதான். ஒவ்வொன்றும் 120 சென்டிமீட்டர் நீளம், 0.6 சென்டிமீட்டர் தடிமன். இரண்டும் சேர்ந்து 144 சதுர சென்டிமீட்டர் இரும்பு. 64,800 கிலோவை 144 ஆல் வகுத்தால், ஒவ்வொரு சதுர சென்டிமீட்டர் இரும்பும் 450 கிலோ இழுவையைத் தாங்குகிறது என்று வருகிறது.

ஒரு பொருளின் குறுக்குப் பரப்பில் ஒவ்வொரு சதுர சென்டிமீட்டரும் சுமக்கும் இந்த விசைக்குத் தகைவு என்று பெயர். இங்கே இழுவை உருளையின் சுற்றளவு வழியே, மாட்டுவண்டிச் சக்கரத்தின் இரும்புப் பட்டையில் இருப்பதைப் போல வளையமாகச் சுற்றி ஓடுவதால் இதை வளையத் தகைவு என்கிறார்கள்.

அடுத்து குறுக்கு வெட்டு. இப்போது பிரிக்கப் பார்க்கும் விசை மூடியின் மேல் விழும் அழுத்தம். 45 சென்டிமீட்டர் விட்டமுள்ள வட்டத்தின் பரப்பு சுமார் 1,590 சதுர சென்டிமீட்டர். 12 ஆல் பெருக்கினால் ஏறத்தாழ 19 டன். முந்தைய 65 டன்னோடு ஒப்பிட்டால் இது மிகவும் குறைவு. பிடித்து நிறுத்தும் இரும்போ வட்டச் சுற்றளவு முழுவதும் இருக்கிறது. சுமார் 141 சென்டிமீட்டர் சுற்றளவு, 0.6 சென்டிமீட்டர் தடிமன், ஆக 85 சதுர சென்டிமீட்டர். வகுத்தால் ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 225 கிலோ. இது நீளவாட்டுத் தகைவு.

450, 225. ஒன்று மற்றதன் சரிபாதி. இந்த டேங்கின் அளவுகளால் தற்செயலாக அமைந்தது அல்ல இது. மெல்லிய சுவருள்ள, இரு முனையும் மூடிய எந்த உருளையிலும், விட்டம், அழுத்தம், தடிமன் எதுவாக இருந்தாலும், சுற்றுவாட்டு இழுவை நீளவாட்டு இழுவையைப் போல இரு மடங்காகவே இருக்கும். அதனால்தான் கிழிசல் நெடுக்காகப் போகிறது. சுற்றியிழுக்கும் விசைதான் பெரியது. அந்த இழுவைக்குக் குறுக்கே, அதாவது டேங்கின் நீளத்தோடு, வாய் திறக்கிறது.

இந்தக் கணக்கில் இன்னொரு செய்தியும் இருக்கிறது. டேங்கின் நீளத்தை இரு மடங்காக்கினால் பிரிக்கும் விசை இரு மடங்காகும், ஆனால் பிடித்து நிறுத்தும் இரும்பும் இரு மடங்காகிவிடும். ஆகவே வளையத் தகைவில் நீளத்துக்குப் பங்கே இல்லை. விட்டத்தைக் கூட்டினாலோ தகைவும் அதே விகிதத்தில் கூடும், தகடும் அதே விகிதத்தில் தடிக்க வேண்டும். பருத்த டேங்குக்குக் கனத்த தகடு வேண்டும், நீண்ட டேங்குக்கு வேண்டியதில்லை.

வீட்டுச் சமையலறையிலேயே இந்தக் கணக்குக்கு ஒரு சாட்சி உண்டு. 14.2 கிலோ கேஸ் சிலிண்டரின் நடு இடுப்பைப் பாருங்கள். சுற்றி ஒரே ஒரு வெல்டிங் வரி ஓடும். மேலிருந்து கீழாக வெல்டிங் வரி எதுவும் இருக்காது. தகட்டை அச்சில் அழுத்தி இழுத்து, கிண்ணம் போன்ற இரண்டு பாதிகளாக்கி, வாயோடு வாய் வைத்துப் பற்றவைக்கிறார்கள். வெல்டிங் என்பது எப்போதும் தகட்டைவிடச் சந்தேகத்துக்குரிய இடம். அந்த இடம் பாதித் தகைவு மட்டுமே உள்ள திசையில் வந்து அமைந்துவிடுகிறது. இரு மடங்கு தகைவை முழுத் தகடு சுமக்கிறது. எனக்குத் தெரிந்து இவ்வளவு எளிமையான, இவ்வளவு சரியான வடிவமைப்புகள் குறைவு.

காற்று டேங்குக்கு அந்த வசதி கிடையாது. தட்டையான தகட்டை ரோலிங் மெஷினில் உருட்டி வளைத்து, இரண்டு ஓரங்களும் சந்திக்கும் இடத்தில் நெடுக்காகப் பற்றவைத்தால்தான் உருளை கிடைக்கும். பட்டறையில் இதை லாங் சீம் என்பார்கள். அதிகத் தகைவு எந்த வரியைப் பிளக்கப் பார்க்கிறதோ, அதே வரியில் வெல்டிங் உட்கார்ந்திருக்கிறது. தடிமனைத் தேர்ந்தெடுக்கும் கதை இங்கேதான் தொடங்குகிறது.

வளையத் தகைவுக் கணக்கைத் திருப்பிப் போட்டால் தடிமனுக்கான சூத்திரம் வந்துவிடும்.

t = pD / 2f

இதில் t தடிமன், p அழுத்தம், D விட்டம், f இரும்பில் நாம் அனுமதிக்கும் தகைவு. அழுத்தத்துக்கு 12 கிலோவைப் போடக் கூடாது. மோட்டார் 12 கிலோவில் நிற்கும். அது நிற்காமல் ஓடினால் சேஃப்டி வால்வு திறந்து காற்றை வெளியே விட வேண்டும். அந்த வால்வு 13 கிலோவில் திறக்கும்படி வைத்தால், டேங்கை 13 கிலோவுக்குத்தான் வடிவமைக்க வேண்டும்.

அடுத்தது f. இந்த வேலைக்கு எடுக்கும் சாதாரண மென்னெஃகு ஒரு சதுர சென்டிமீட்டருக்குச் சுமார் 4,200 கிலோ இழுவையில் அறுந்துபோகும். அதற்கு வெகு முன்பே, சுமார் 2,500 கிலோவில், நிரந்தரமாக நீளத் தொடங்கிவிடும். அமெரிக்க இயந்திரப் பொறியாளர் கழகத்தின் விதிநூலில் அழுத்தக் கலன்களுக்கான பகுதி, அறுபடும் தகைவில் மூன்றரையில் ஒரு பங்கைத்தான் அனுமதிக்கிறது. 1999 வரை நாலில் ஒரு பங்காக இருந்தது. எஃகின் தரமும் சோதனை முறைகளும் மேம்பட்ட பிறகு அந்த அளவுக்குத் தளர்த்தினார்கள். 4,200ஐ மூன்றரையால் வகுத்தால் 1,200 கிலோ.

இப்போது கணக்கைப் போடலாம். 13 பெருக்கல் 45, அதை 2,400ஆல் வகுத்தால் 0.244 சென்டிமீட்டர். இரண்டரை மில்லிமீட்டர்கூட இல்லை. பாடப்புத்தகக் கணக்கு இங்கே முடிந்துவிடும். மாணவர் விடையின் கீழ் இரண்டு கோடு போட்டுவிட்டு அடுத்த கேள்விக்குப் போய்விடலாம். பட்டறையில் இந்த இரண்டரை மில்லிமீட்டருக்கு மேல்தான் வேலையே இருக்கிறது.

முதல் கூடுதல் அந்த லாங் சீமுக்கானது. வெல்டிங்குக்குள் கசடு சிக்கியிருக்கலாம், காற்றுக் குமிழ் இருக்கலாம், தகட்டின் அடிவரை உருக்கு இறங்காமல் போயிருக்கலாம். வெளியே பார்த்தால் வரி அழகாகத்தான் தெரியும். உள்ளே என்ன இருக்கிறது என்று அறிய எக்ஸ்ரே எடுக்க வேண்டும். விதிநூல் இதை நேர்மையாக அணுகுகிறது. இரு பக்கமும் பற்றவைத்த நல்ல இணைப்பை முழுக்க எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தால், தகட்டுக்கு உள்ள முழு வலிமையையும் வெல்டிங்குக்கும் கணக்கில் கொள்ளலாம். அங்கங்கே மட்டும் எடுத்துப் பார்த்தால் 85 சதவீதம். எடுக்கவே இல்லையென்றால் 70 சதவீதம். நமக்குத் தெரியாததன் விலையைத் தகட்டின் தடிமனாகக் கொடுத்துவிட வேண்டும் என்பதே இதன் பொருள்.

சிறிய காற்று டேங்குக்கு எக்ஸ்ரே எடுப்பது கட்டுப்படியாகாது. ஆகவே 70 சதவீதம். சூத்திரமும் சற்று மாறுகிறது.

t = pD / (2fE − 1.2p)

E என்பது அந்த இணைப்புத் திறன், இங்கே 0.7. கடைசியில் உள்ள 1.2p ஒரு சிறிய திருத்தம். சுவரின் உள்விளிம்பில் இழுவை சற்று அதிகமாகவும் வெளிவிளிம்பில் சற்றுக் குறைவாகவும் இருக்கும். மெல்லிய சுவர்க் கணக்கு இரண்டின் சராசரியைத்தான் சொல்லும். சுவரின் தடிமன் ஆரத்தில் பத்தில் ஒரு பங்காக இருந்தால் அந்தச் சராசரி உண்மையைவிட 5 சதவீதம் குறைத்துச் சொல்லிவிடும். அதுவரை மெல்லிய சுவர் என்று கொள்ளலாம் என்பது வழக்கம். அதற்கும் மேல் தடித்த சுவரென்றால் வேறு கணக்கு வேண்டும். நம் டேங்கில் ஆரம் 225 மில்லிமீட்டர், சுவர் 6 மில்லிமீட்டர். பிழை ஒன்றரை சதவீதத்தைத் தாண்டாது. எண்களைப் போட்டால் தடிமன் 3.5 மில்லிமீட்டர்.

சுற்று வெல்டிங்குக்கு இதே அக்கறை தேவையில்லையா? தேவைதான். ஆனால் அங்கே தகைவு பாதி என்பதால், 70 சதவீத வெல்டிங்கூட அங்கே தாராளமாகத் தாங்கும். தடிமனைத் தீர்மானிப்பது எப்போதும் லாங் சீம்தான்.

இரண்டாவது கூடுதல் துருவுக்கு. இதைச் சற்று நிதானமாகப் பார்க்க வேண்டும். டேங்கை உண்மையில் கொல்வது இதுதான்.

நம் ஊர்க் காற்றில் 30 டிகிரி வெப்பத்தில் ஒரு கன மீட்டருக்கு அதிகபட்சம் 30 கிராம் அளவுக்கு நீராவி தங்கும். புழுக்கமான நாளில் 22 கிராமாவது இருக்கும். கம்ப்ரசர் 13 கன மீட்டர் காற்றை உள்ளே இழுத்து ஒரு கன மீட்டராகச் சுருக்குகிறது. அந்தப் 13 கன மீட்டரில் இருந்த 286 கிராம் நீராவியும் இப்போது ஒரே கன மீட்டருக்குள் இருக்கிறது. சுருக்கும்போது சூடாகும் காற்று டேங்குக்குள் ஆறி 30 டிகிரிக்கு வந்ததும் அதில் 30 கிராம்தான் ஆவியாக நிற்க முடியும். மீதி 250 கிராமுக்கு மேல் தண்ணீராகச் சுவரில் வேர்த்து அடியில் வழிந்து தேங்கும். ஒரு நாளைக்கு 60 கன மீட்டர் காற்றை இழுக்கும் கம்ப்ரசர் என்றால் ஒரு லிட்டருக்கு மேல் தண்ணீர். அதோடு 12 கிலோ அழுத்தத்தில் செறிந்த ஆக்சிஜனும் இருக்கிறது. துருப்பிடிப்பதற்கு இதைவிடத் தோதான இடத்தை வேண்டுமென்றே செய்தாலும் அமைக்க முடியாது. வெளியே பெயின்ட் பளபளக்கும்போதே, கண்ணுக்குத் தெரியாத உள்பக்க அடிவயிற்றில் தகடு மெலிந்துகொண்டிருக்கும்.

இந்த இழப்புக்காக முன்கூட்டியே ஒன்றரை மில்லிமீட்டர் சேர்க்கிறோம். 3.5 இப்போது 5 ஆகிவிட்டது. 5 மில்லிமீட்டர் தகடு கடையில் கிடைக்கும். ஆனால் உருட்டாலையிலிருந்து வரும் தகடு பெயரளவைவிடச் சற்று மெல்லியதாக இருப்பதற்குத் தரக்கட்டுப்பாடே இடம் கொடுக்கிறது. மிச்சமே இல்லாத கணக்கில் அந்தக் குறைவைத் தாங்க இடமில்லை. அடுத்த அளவு 6 மில்லிமீட்டர். அதையே எடுக்கிறோம். பாடப்புத்தகத்தின் இரண்டரை மில்லிமீட்டர் ஆறானது இந்த வழியில்தான். ஒவ்வொரு கூடுதலுக்கும் ஒரு பெயரும் காரணமும் உண்டு. இரண்டரை போதுமே, எதற்கு ஆறு, செலவைக் குறைக்கலாமே என்று கேட்பவர்கள் எந்தக் காரணத்தை விட்டுவிடச் சொல்கிறார்கள் என்று பதிலுக்குக் கேட்க வேண்டும்.

மூடிகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. உப்பலான டிஷ் எண்டுக்கு, அது முட்டை வடிவச் சரிவில் சரியாக அழுத்தப்பட்டிருந்தால், உருளைக்குத் தேவையான அளவே தடிமன் போதும். ஆனால் முனையைத் தட்டையான தகட்டால் அடைத்தால், அழுத்தம் அதை வளைக்கப் பார்க்கும். இழுவையைத் தாங்குவதில் தகடு காட்டும் திறமை வளைவைத் தாங்குவதில் கிடையாது. நம் டேங்குக்குத் தட்டை மூடி போட வேண்டுமென்றால் 25 மில்லிமீட்டருக்கு மேல் கனமான தகடு தேவைப்படும். பழைய குழாயின் இரு முனையிலும் தட்டைத் தகட்டை ஒட்டவைத்துச் செய்த வீட்டுத் தயாரிப்பு டேங்கை எங்கேயாவது பார்த்தால் பக்கத்தில் நிற்காதீர்கள்.

நீளவாட்டு இணைப்பின் மேல் இவ்வளவு சந்தேகம் எதற்கு என்று தோன்றலாம். அந்தச் சந்தேகத்துக்கு உயிர்களை விலையாகக் கொடுத்திருக்கிறார்கள். 1905 மார்ச் 20 அன்று அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் பிராக்டன் நகரில் குரோவர் காலணித் தொழிற்சாலையின் கொதிகலன் வெடித்தது. நான்கு மாடி மரக் கட்டடம் சரிந்து தீப்பிடித்தது. 58 பேர் இறந்தார்கள். அந்தக் கொதிகலனின் நெடுக்கு இணைப்பு, ஒரு தகட்டின் ஓரத்தை மற்றதன் மேல் ஏற்றி வைத்து ரிவெட் அடித்தது. அப்படி ஏற்றி வைத்தால் உருளை அந்த இடத்தில் சரியான வட்டமாக இருக்காது. அழுத்தம் ஏறும்போதெல்லாம் சுவர் வட்டமாக முயன்று அந்த ஓரத்தில் மடங்கும், இறங்கும்போது திரும்பும். ஆண்டுக்கணக்கில் இப்படி மடங்கி நிமிர்ந்தால் விரிசல் விடும். அந்த விரிசலோ மேல் தகட்டுக்கு அடியில் மறைந்து, பரிசோதிப்பவரின் கண்ணில் படாமலே வளரும். அந்த விபத்துக்குப் பிறகு 1907இல் மாசசூசெட்ஸ் கொதிகலன்களுக்குத் தனி விதிகளை இயற்றியது. அமெரிக்க இயந்திரப் பொறியாளர் கழகத்தின் முதல் விதிநூல் 1914ஆம் ஆண்டுப் பதிப்பாக வந்தது. இன்று நாம் போட்ட கணக்கு அந்த நூலின் வழிவந்தது. நம் நாட்டில் நெருப்பில்லாத அழுத்தக் கலன்களுக்கு ஐஎஸ் 2825 என்ற தரநூல் 1969 முதல் இருக்கிறது. அதன் கணக்கும் சாரத்தில் இதுவே.

டேங்க் பட்டறையை விட்டு வெளியே வந்த பிறகு என்ன ஆகிறது? அதன் அடிவயிறு 6 மில்லிமீட்டரிலிருந்து 2 மில்லிமீட்டராக மெலிந்துவிட்டது என்று வைப்போம். 12 கிலோ காற்றில் அங்கே வளையத் தகைவு 1,350 கிலோவாக இருக்கும். நாம் அனுமதித்த 1,200ஐத் தாண்டிவிட்டது. ஆனால் எஃகு நீளத் தொடங்கும் 2,500க்கு இன்னும் பாதித் தூரம் இருக்கிறது. ஆகவே டேங்க் உப்பாது, கசியாது, சத்தம் போடாது. கடைக்காரருக்கு எந்த வித்தியாசமும் தெரியாது. இருபது வருடமாக ஓடுகிறதே, ஒன்றும் ஆகவில்லையே என்று சொல்லும் டேங்குகள் இந்த நிலையில்தான் இருக்கின்றன. 1 மில்லிமீட்டருக்கு வந்தால் 2,700 கிலோ, எஃகு இழுபடத் தொடங்கிவிடும். இழுபட்டால் தகடு இன்னும் மெலியும், தகைவு இன்னும் ஏறும். அதற்குப் பிறகு அவகாசம் கிடையாது. துரு ஒரே சீராகத் தின்பதும் இல்லை. தண்ணீர் தேங்கிய கோட்டில் குழி குழியாகத் தின்னும். ஒற்றைக் குழி துளையாகிக் காற்று சீறினால் அது அதிர்ஷ்டம், எச்சரிக்கையோடு முடிந்தது. குழிகள் வரிசையாக ஒரு நெடுங்கோட்டில் சேர்ந்திருந்தால் அந்தக் கோடே கிழிசலாகத் திறந்துகொள்ளும்.

220 லிட்டரில் 12 கிலோவில் அடைத்த காற்று ஒரே நொடியில் விரிந்தால் வெளிப்படும் ஆற்றல், ஒரு டன் எடையுள்ள காரை 35 மீட்டருக்கு மேல் தூக்கப் போதுமானது. டேங்கைச் சோதிக்கும்போது காற்றுக்குப் பதிலாகத் தண்ணீரை நிரப்பி, வடிவமைப்பு அழுத்தத்தைவிட 30 சதவீதம் அதிகமாக ஏற்றுவது இதனால்தான். தண்ணீர் ஏறக்குறைய சுருங்காது. அதனால் அதே டேங்கில் அது சேமித்து வைக்கும் ஆற்றல் ஆயிரத்தில் ஒரு பங்குகூட இல்லை. டேங்க் சோதனையில் தோற்றால் தண்ணீர் பீய்ச்சும், அழுத்தம் உடனே இறங்கிவிடும். காற்றையே ஏற்றிச் சோதிக்கிறேன் என்று யாராவது சொன்னால் அனுமதிக்கக் கூடாது.

டேங்கின் உள்ளே பார்க்காமலே அதன் சுவரை அளக்க முடியும். தீப்பெட்டி அளவுள்ள அல்ட்ராசோனிக் தடிமன் மானி ஒலி அலையைச் சுவருக்குள் அனுப்பி, உள்பக்கத்தில் மோதித் திரும்ப எடுக்கும் நேரத்தை வைத்துத் தடிமனைச் சொல்லிவிடும். அளக்க வேண்டிய இடம் அடிக்கோடு. முழு நீளத்துக்கும், சில சென்டிமீட்டர் இடைவெளியில், பெயின்ட்டைச் சுரண்டிவிட்டு அளக்க வேண்டும். பக்கவாட்டில் எட்டும் இடத்தில் அளந்தால் 6 என்றே காட்டும். அது பயனற்ற அளவு. நம் டேங்கில் 3.5க்கு மேல் இருந்தால் 13 கிலோ வால்வோடு ஓடலாம். 3 மில்லிமீட்டராகக் குறைந்திருந்தால் அதே சூத்திரத்தைத் திருப்பிப் போடுங்கள், 11 கிலோ வரும். சேஃப்டி வால்வை 11க்கு மாற்றி, மோட்டாரை 10 கிலோவில் நிற்கவைக்க வேண்டும். அதற்கும் கீழே போய்விட்ட டேங்கைப் பழைய இரும்புக்குப் போடுவதே சரி. மெலிந்த சுவரில் கசிவை அடைக்க வெல்டிங் வைப்பது தற்கொலைக்குச் சமம். ஓட்டை அடைபடும், அதைச் சுற்றியுள்ள மெல்லிய தகடு அப்படியே இருக்கும், வெப்பத்தில் இன்னும் கெட்டிருக்கும்.

டேங்க் வாங்கும்போது பார்க்கக்கூடியவையும் சில உண்டு. பெயர்ப் பலகையில் வடிவமைப்பு அழுத்தம், சோதனை அழுத்தம், தகட்டின் தடிமன், தயாரித்த ஆண்டு நான்கும் இருக்க வேண்டும். லாங் சீம் படுத்திருக்கும் டேங்கின் அடியில் வரவே கூடாது. அதிகத் தகைவும் பலவீனமான இணைப்பும் தேங்கும் தண்ணீரும் ஒரே கோட்டில் சேர்ந்துவிடும். மோட்டார் உட்காரும் இரும்புச் சட்டத்தை நேரடியாகச் சுவரில் பற்றவைத்திருந்தால், அதிர்வில் அந்த வெல்டிங் ஓரத்திலிருந்து விரிசல் தொடங்கும். இடையில் ஒரு தகட்டுத் துண்டைக் கொடுத்து அதன் மேல் பற்றவைத்திருப்பதே நல்ல வேலை. சட்டத்தின் கால்கள் அருகே எண்ணெய்க் கசிவு மெல்லிய கோடாகத் தெரிந்தால் டேங்கை அப்போதே நிறுத்திவிடுங்கள்.

பெரிய ஆலைகளில் இந்தச் சோதனைகளைச் சட்டமே கேட்கிறது. 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டத்தில் அழுத்தக் கலன்களுக்கென்றே 31ஆம் பிரிவு எழுதப்பட்டது. ஆனால் அத்தகைய சட்டங்கள் குறிப்பிட்ட எண்ணிக்கைக்கு மேல் ஆட்கள் வேலை செய்யும் இடங்களுக்குத்தான் பொருந்தும். முதலாளியும் ஒரு பையனும் மட்டுமே இருக்கும் பஞ்சர் கடைக்கு ஆய்வாளர் வர மாட்டார். அங்கே டேங்கைப் பார்த்துக்கொள்ள வேண்டியவர் கடைக்காரர்தான். ஆகவே கடை வைத்திருப்பவர்களிடம் மூன்று வேண்டுகோள். ஒவ்வொரு நாள் இரவும் கடையை மூடும்போது அடியில் உள்ள டிரெயின் வால்வைத் திறந்து தண்ணீரை முழுதாக வெளியேற்றுங்கள். வாரம் ஒரு முறை சேஃப்டி வால்வின் வளையத்தை இழுத்து அது திறக்கிறதா என்று பாருங்கள். வருடம் ஒரு முறை தடிமன் மானி வைத்திருப்பவரை அழைத்து அடிக்கோட்டை அளந்து, அந்த எண்ணைத் தேதியோடு டேங்கின் மேலேயே பெயின்ட்டில் எழுதி வையுங்கள்.